வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு டிராவல்ஸ்: கோபியில் தொடங்க ஒரு திட்டம்

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்தில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் பையனோ பொண்ணோ வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு டிக்கெட், விசா வேலைகளைச் செய்து கொடுப்பதுதான் எண்ணம். கையில் நான்கு லட்சம் இருக்கிறது. எப்படித் திட்டமிடுவது, எங்கே மாட்டிக்கொள்வேன்?

பதில்:

டிக்கெட் விற்பதை நடுவில் வைத்துத் திட்டம் போட்டால் அந்த நான்கு லட்சம் ஒரு வருடம் தாங்காது. நீங்கள் கணினியில் பார்க்கும் விலையைத்தான் ஷார்ஜாவில் இருக்கும் பையனும் தன் போனில் பார்க்கிறான். விமான நிறுவனத்திடமிருந்து உங்களுக்கு வருவது டிக்கெட்டுக்குச் சில நூறு ரூபாய், சில தடங்களில் அதுவும் இல்லை. அதற்கு மேல் விலையில் ஏற்றி வைத்தால் பையன் அதே நிமிடம் கண்டுபிடித்துவிடுவான்.

அங்கே இருந்துகொண்டு அவனால் செய்ய முடியாதவை வேறு. அம்மாவின் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்க்க முடியாது. அப்பாவைக் கோவை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கூட்டிப்போக முடியாது. முதல் தடவை விமானம் ஏறும் இருவருக்கும் எதிரில் உட்கார்ந்து விவரம் சொல்ல முடியாது. இவற்றை ஒருவர் பொறுப்பாகச் செய்து கொடுத்தால் கட்டணம் கொடுக்க அவன் தயங்குவதில்லை. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரின் பயணம் என்ற ஒரே வேலையை முதலில் எடுங்கள். மற்ற டிக்கெட்டுகள் அதன் பின்னால் தானாக வரும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். அந்தியூர் பக்கத்து விவசாயக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அப்பா, அம்மா இருவரையும் ஜனவரி 10ஆம் தேதி வாக்கில் அழைத்து இரண்டு மாதம் வைத்துக்கொள்ள நினைக்கிறான். பெரியவர்கள் அக்டோபர் நடுவில் உங்களிடம் வருகிறார்கள். "பையன் டிக்கெட் போடச் சொன்னானுங்க" என்பார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பாஸ்போர்ட்டை.

வாங்கியதும் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது காலாவதித் தேதி. ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். அப்பாவின் பாஸ்போர்ட் மே மாதம் முடிகிறது என்றால், பயணத்தின்போது அது உயிரோடு இருந்தாலும் ஆகாது. ஜூலை 10 வரையாவது இருந்தால்தான் கவுன்டரில் விடுவார்கள்.

இரண்டாவது சர்நேம் கட்டம். நம் ஊர்ப் பெண்களின் பழைய பாஸ்போர்ட்டில் இதுதான் பெரிய வில்லங்கம். இனிஷியலை ஒதுக்கிவிட்டுப் பெயர் முழுவதையும் கிவன் நேம் கட்டத்தில் எழுதி, சர்நேமைக் காலியாக விட்டிருப்பார்கள். பழனியம்மாள் என்று ஒரே பெயர், அவ்வளவுதான். 2022 நவம்பரில் அமீரகம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவிலோ டூரிஸ்ட் விசாவிலோ வருபவரை உள்ளே விடுவதில்லை. அங்கே வேலை விசாவிலோ குடியிருப்பு விசாவிலோ இருப்பவர்களுக்கு மட்டும் தளர்வு உண்டு. "பின்பக்கத்தில் அப்பா பெயர் இருக்கிறதே, அது போதும்" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி டிக்கெட் போட வேண்டாம். ஏறப்போகும் விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வந்தால் மட்டும் மேலே போங்கள். இல்லையென்றால் சர்நேம் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்வதுதான் வழி. கணவரின் பெயரையோ தந்தையின் பெயரையோ சர்நேமாகப் போடலாம். எதைப் போட்டாலும் ஆதாரிலும் மற்ற சான்றிதழ்களிலும் உள்ளதோடு அது ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆக இந்தக் குடும்பத்தில் இரண்டு பேருக்குமே புதுப் பாஸ்போர்ட் வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு மறுவெளியீட்டுக் கட்டணம் ஆளுக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. அக்டோபரிலேயே வந்துவிட்டதால் தட்கல் வேண்டியதில்லை. இருவருக்கும் ஒரே நாளில் அடுத்தடுத்து அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்படி பாருங்கள். போலீஸ் விசாரணை வந்தால் அந்த முகவரியில் ஆள் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். தோட்டத்தில் குடியிருப்பவர்கள் பகலில் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவதால் ரிப்போர்ட் தாமதமாவது இந்தப் பக்கம் சாதாரணம்.

அடுத்தது விசா. இங்கே வரிசை முக்கியம்: பாஸ்போர்ட், விசா, பிறகுதான் டிக்கெட். பழைய பாஸ்போர்ட் எண்ணில் விசா எடுத்துவிட்டுப் புதுப் பாஸ்போர்ட்டோடு போனால் அந்த விசா உதவாது. விசாவை மகனே அங்கிருந்து ஸ்பான்சராக எடுக்கலாம், அங்குள்ள டிராவல்ஸ் வழியாகவும் எடுக்கலாம். உங்கள் வேலை, பாஸ்போர்ட்டின் தெளிவான ஸ்கேனும் வெள்ளைப் பின்னணிப் புகைப்படமும் அனுப்புவது. விசா வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது. நுழைவு அனுமதி வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் உள்ளே நுழைந்தாக வேண்டும். அதனால் நவம்பர் தொடக்கத்திலேயே அவசரப்பட்டு எடுத்துவிட்டால் ஜனவரி 10ஆம் தேதிக்கு முன்பே அது செத்துவிடும். டிசம்பர் முதல் வாரம் சரியான நேரம்.

இப்போது டிக்கெட். 60 நாள் விசா என்றால் ஜனவரி 10ஆம் தேதி இறங்கும் நாளையே முதல் நாளாக எண்ணுங்கள். 60ஆவது நாள் மார்ச் 10. திரும்பும் டிக்கெட்டை மார்ச் 10ஆம் தேதிக்குப் போடாமல் மார்ச் 5ஆம் தேதி வாக்கில் போடுங்கள். விமானம் ரத்தானாலும், யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் கையில் சில நாள் இருக்கும். விசாக் காலம் தாண்டினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம், இருவர் என்றால் 100.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியலை உங்கள் விருப்பத்துக்குச் சேர்ப்பதும் விடுவதும் கூடாது. சர்நேம் இல்லாமலே மற்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எழுதச் சொல்லும். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் வேறு குறியீடு கேட்பார்கள். நீங்கள் அதிகம் போடும் நிறுவனங்களின் வழக்கத்தை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலியைக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் வாடகை ஒன்றும் இல்லாத இந்த வசதியை, "எனக்கு நடக்க முடியுமுங்க" என்று பெரியவர்கள் கௌரவம் பார்த்து மறுப்பார்கள். நடை மட்டுமல்ல பிரச்சினை. நாற்காலியைத் தள்ளி வருபவர் செக்-இன், இமிக்ரேஷன், பாதுகாப்புச் சோதனை எல்லாவற்றையும் தாண்டி விமானக் கதவு வரை கூட வருவார். மொழி தெரியாதவர்களுக்கு அதுவே பெரிய துணை. பதிவில் மூன்று குறியீடுகள் உண்டு. தூரம் மட்டும் நடக்க முடியாது, படி ஏறிவிடுவார் என்றால் WCHR. படியும் ஏற முடியாது என்றால் WCHS. இருக்கை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியவர் என்றால் WCHC. முழங்கால் வலி இருக்கும் அம்மாவுக்கு WCHR போட்டு, ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கு ஏணிப்படி ஏறச் சொன்னால் அவர் என்ன செய்வார்? முழங்காலைப் பற்றி நேராகக் கேட்டுவிட்டுக் குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

மூட்டை கட்டும் விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள். மகனுக்குக் குருமா வைத்துக் கொடுக்க அம்மா ஒரு பொட்டலம் கசகசா எடுத்துவைப்பார். அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் வருவது, சிங்கப்பூரிலும் தடை. சிறைக்குப் போகும் அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது. காங்கேயம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கொப்பரை கொடுத்து அனுப்புவார்கள். எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால் செக்-இன் பெட்டியில் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஊறுகாயும் நெய்யும் செக்-இன் பெட்டியில் போக வேண்டும். மருந்து என்றால் அட்டையைப் பிரிக்காமல், டாக்டரின் ஆங்கிலச் சீட்டோடு. டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை என்பதால், சீட்டில் அந்தப் பெயர் தெரிந்தால் பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் மாற்று கேட்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவர் மகனுக்குக் கொடுக்கச் சொல்லித் தரும் மூடிய பார்சலை வாங்கவே கூடாது என்று இருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு தாள். தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கம். அதில் முதல் வரி கிளம்பும் நேரம். வளைகுடா விமானங்கள் பல விடியற்காலையில் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 10ஆம் தேதி 04:00 என்று இருந்தால், பாதிப் பேர் 10ஆம் தேதி முழுக்க வீட்டில் இருந்துவிட்டு இரவு கிளம்பத் தயாராவார்கள். அதற்குள் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். "9ஆம் தேதி இரவு 10 மணிக்கு வீட்டிலிருந்து கார் கிளம்ப வேண்டும்" என்று எழுதுங்கள். கோபியிலிருந்து பீளமேடு விமான நிலையம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே இருக்க வேண்டும். அடுத்த வரிகளில் மகனின் அங்குள்ள எண், முகவரி, உங்கள் எண். அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி: மகனைப் பார்க்கப் போகிறோம், இந்த எண்ணில் அவரைக் கூப்பிடுங்கள் என்று. யாராவது நிறுத்திக் கேட்டால் பெரியவர் தாளை நீட்டினால் போதும்.

இவ்வளவு வேலைக்கும் என்ன வாங்குவது? இரண்டு பேருக்கும் சேர்த்து 1,500 ரூபாய் சேவைக் கட்டணம் என்று முதல் நாளே மகனிடம் சொல்லிவிடுங்கள், பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குத் தனியாக ஒரு சிறு தொகை. டிக்கெட் விலையைத் திரையில் இருப்பதைப் போலவே அப்படியே அனுப்புங்கள். விலையில் ஒளித்து வைத்த முந்நூறு ரூபாயைக் கண்டுபிடிக்கும் பையன் அடுத்த முறை வரமாட்டான். வெளியே தெரியும் ஆயிரத்தைந்நூறை அவன் மறுபேச்சு இல்லாமல் கொடுக்கிறான்.

ஜிஎஸ்டி பதிவு எடுத்த பிறகு ஒரு கணக்கு இருக்கிறது. விமான டிக்கெட் ஏஜெண்டுகளுக்கு வெளிநாட்டு டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணத்தின் 10 சதவீதத்தையும், உள்நாட்டு டிக்கெட்டில் 5 சதவீதத்தையும் சேவை மதிப்பாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் 18 சதவீத வரி கட்டும் முறை விதியில் உண்டு. அடிப்படைக் கட்டணம் 14,000 என்றால் 1,400க்கு 18 சதவீதம், அதாவது 252 ரூபாய். உங்கள் கமிஷனே முந்நூறு என்றால் என்ன மிஞ்சும்? சிறிய ஏஜெண்டுக்கு எந்த முறை லாபம் என்பதை ஆடிட்டரிடம் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். சேவைத் தொழிலுக்குப் பதிவு வரம்பு வருடத்துக்கு 20 லட்சம். டிக்கெட்டோடு ஹோட்டலும் சேர்த்து வெளிநாட்டு டூர் பேக்கேஜாக விற்றால் டிசிஎஸ் என்ற வரியை வாடிக்கையாளரிடம் பிடித்துக் கட்டும் பொறுப்பும் வந்து சேரும். முதல் வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இனி, நீங்கள் எங்கே மாட்டுவீர்கள் என்பதற்கு வருகிறேன். சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் அங்கீகாரம் உங்கள் அளவுக்குத் தேவையில்லை. ஏஜெண்டுகளுக்கென்று இருக்கும் போர்ட்டல்களில் பதிவு செய்து, வாலட்டில் முன்பணம் போட்டு வைத்து, அதிலிருந்து டிக்கெட் எடுப்பீர்கள். பணம் முதலில் உங்களுடையது போகிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவரோ உங்கள் மாமா முறை. "ஒண்ணாந்தேதி பையன் அனுப்பிருவானுங்க, நீங்க இப்பப் போட்டு வெச்சிருங்க கண்ணு" என்பார். பொய் சொல்ல மாட்டார், பையனும் அனுப்புவான்தான். ஆனால் அமெரிக்காவுக்கு இருவர் போய்வர டிக்கெட் இரண்டு, இரண்டரை லட்சம் ஆகும். ஒரே ஒரு கடன் டிக்கெட்டில் உங்கள் வாலட் முழுவதும் முடங்கும். அந்த மூன்று வாரமும் வாசலுக்கு வரும் மற்றவர்களை நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இந்தத் தொழிலில் மூடிய சிறிய கடைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இப்படித்தான் மூடின. வியாபாரம் இல்லாமல் மூடியவை குறைவு.

அதற்கு முகம் கோணாமல் செய்ய ஒரு முறை இருக்கிறது. பணப்பேச்சைப் பெரியவர்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் முன்னாலேயே மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: விமானம், தேதி, விலை, உங்கள் கட்டணம், "இந்த விலை இன்று மாலை 6 மணி வரை" என்று. உண்மையில் அவ்வளவுதான் உங்களால் உறுதி சொல்ல முடியும். மலிவு விமானங்களில் பணம் கட்டாமல் இருக்கையைப் பிடித்து வைக்கவே முடியாது. மகன் தன் என்ஆர்ஐ கணக்கிலிருந்து உங்கள் கடையின் நடப்புக் கணக்குக்கு அனுப்பட்டும், வந்ததும் டிக்கெட் போடுங்கள். தொகை பெரிதாக இருந்தால் இன்னும் நல்ல வழி, அவன் அட்டையிலேயே விமான நிறுவனத் தளத்தில் வாங்கச் சொல்வது. எந்த விமானம், எவ்வளவு மணி நேர இடைநிறுத்தம், எந்தக் குறியீடு என்பதை நீங்கள் முடிவு செய்து கொடுக்கிறீர்கள். அவன் பணம் கட்டுகிறான். உங்களுக்குச் சேவைக் கட்டணம் வந்துவிடும், வாலட்டில் ஒரு ரூபாய்கூட மாட்டாது.

ரத்து செய்த டிக்கெட்டின் பணமும் இப்படித்தான் கழுத்தைப் பிடிக்கும். அது வாடிக்கையாளருக்கு நேராகப் போகாது, போர்ட்டல் வழியாக உங்கள் வாலட்டுக்கு வந்து சேரும். வந்த பணத்தை வேறு டிக்கெட்டுக்குச் சுழற்றிவிட்டால் திருப்பித் தரும்போது கையில் இருக்காது. "திரும்ப வர வேண்டியவை" என்று ஒரு தனி நோட்டு போட்டு, வாலட்டில் வந்த அன்றே மாற்றிவிடுங்கள். இன்னொன்று, "நான்-ரீஃபண்டபிள்" டிக்கெட் என்றாலும் பயணம் செய்யவில்லை என்றால் விமான நிலையக் கட்டணங்களும் வரிகளும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏவின் விதி. பல ஏஜெண்டுகள் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. நீங்கள் கேட்டு வாங்கிக் கொடுத்தால் அந்தக் குடும்பம் உங்களை விட்டுப் போகாது.

கடன் கூடாது என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே அப்பாவோ அம்மாவோ இறந்து, மகன் அங்கிருந்து வர வேண்டிய ராத்திரி. அந்த நேரத்தில் போனை எடுக்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். முதல் கேள்வி, பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா? சில கம்பெனிகள் வாங்கி வைத்திருப்பார்கள். சவுதி என்றால் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா வந்துவிட்டதா? இவை தெரியாமல் டிக்கெட் போட்டால் பணம் போகும், ஆள் வரமாட்டார். அடுத்தது விமான நிலையம். கோவைக்கு நேரடி விமானங்கள் குறைவு. ஷார்ஜாவும் சிங்கப்பூரும் பழைய தடங்கள், அபுதாபி 2024இல் சேர்ந்தது. கோவை விமானம் மறுநாள்தான் என்றால் கொச்சியைப் பாருங்கள். நெடும்பாசேரிக்கு வளைகுடாவிலிருந்து நாள் முழுக்க விமானங்கள் உண்டு, அங்கிருந்து பாலக்காடு வழியாகக் கோபிக்கு ஐந்து, ஆறு மணி நேரத்தில் வந்துவிடலாம். கரூர், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்குத் திருச்சி. எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் இருப்பார் என்ற ஒரே கணக்கை வைத்து முடிவெடுங்கள், ஏனென்றால் எடுக்கும் நேரத்தை அதை வைத்துத்தான் பங்காளிகள் முடிவு செய்வார்கள். நெடும்பாசேரிக்கு ராத்திரியில் கிளம்பக்கூடிய, நம்பிக்கையான டிரைவர் இருவரின் எண் உங்களிடம் இருக்கட்டும். இதற்குச் சேவைக் கட்டணம் வாங்காதீர்கள். ஒரு வழி டிக்கெட் ஒன்றின் விலையை இதற்கென்றே ஒதுக்கி வைத்து, அது திரும்பி வந்த பிறகே அடுத்ததற்குத் தொடுங்கள்.

உங்கள் பக்கத்து வாடிக்கையாளர்களில் இன்னொரு கூட்டம் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு ஆப்பிரிக்காவுக்குப் போகும் ஆட்கள். அவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அந்த அட்டை செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். கென்யா, கானா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. அந்தச் சென்னைப் பயணத்தையும் சேர்த்து நாள் கணக்கிடுங்கள்.

விலை ஏறி இறங்குவதில் ஒரு ஒழுங்கு உண்டு. வளைகுடாப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. ஜூன் கடைசியில் அங்கிருந்து இங்கே வரும் டிக்கெட் எகிறும், ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து போகும் டிக்கெட் எகிறும். பெற்றோர் பயணம் இதற்கு எதிர்த்திசையில் இருந்தால் மலிவாக முடியும். ஆனால் அங்கே அப்போது வெயில் கொளுத்தும் என்பதால் வயதானவர்களுக்கு நான் பொங்கலுக்குப் பிறகான வாரங்களைத்தான் சொல்வேன். நம் ஊர்க் காலண்டர் வேறு. பாரியூர் குண்டம் மார்கழியில், பண்ணாரி குண்டம் பங்குனியில், கல்யாணங்கள் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும். எந்த வீட்டில் எந்தக் கோயில் நோம்பிக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், ஆன்லைன் தளத்துக்குத் தெரியாது. நான்கு மாதம் முன்பே அந்தப் பிள்ளைக்கு ஒரு செய்தி அனுப்பலாம்.

சட்டத்தில் மூன்று கோடுகளைத் தாண்டாதீர்கள். போர்டில் "வெளிநாட்டு வேலை" என்று எழுதக்கூடாது. 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டைத் தவிர வேறு யாரும் ஆள் எடுத்து அனுப்பக் கூடாது. தெரிந்தவர் பையனுக்கு "விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று டிக்கெட் போட்டுக் கொடுப்பதும் அந்தக் குழியில்தான் விழும். பத்தாவது முடிக்காத, வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை என்று காட்டும் ஈசிஆர் முத்திரை உள்ள பாஸ்போர்ட்காரர் என்றால் இமிக்ரேஷனிலேயே இறக்கிவிட வாய்ப்பு அதிகம். இரண்டாவது, "அங்கே என் ஆளிடம் திர்ஹம் கொடுத்துவிடுகிறேன், இங்கே ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது உண்டியல், அதாவது ஹவாலா. பணம் வங்கி வழியாக மட்டும் வரட்டும். மூன்றாவது, ரிசர்வ் வங்கி உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக் கரன்சி மாற்றிக் கொடுக்கக் கூடாது, பயணிக்கு உதவியாக ஐம்பது திர்ஹம் என்றாலும்கூட.

நான்கு லட்சத்தைப் பிரிக்கும் கணக்கு இது. தரைத்தளத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சின்ன அறை. மாடியில் எடுத்தால் உங்கள் வாடிக்கையாளர்களால் ஏற முடியாது. அட்வான்ஸ், மேசை நாற்காலிக்கு 80,000. கணினி, நல்ல ஸ்கேனர், பிரிண்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து 70,000. வாலட்டுக்கு 1,20,000. அந்தத் துக்க டிக்கெட்டுக்கு 30,000. மீதி ஒரு லட்சம் வாடகைக்கும் கரன்ட்டுக்கும் என்று தனிக் கணக்கில் இருக்கட்டும், வாலட் காலியானாலும் அதைத் தொடக்கூடாது.

மாதச் செலவு வாடகை 7,000, நெட், போன், கரன்ட் 4,000, மற்றவை 2,000 என்றால் 13,000. பெற்றோர் பயணம் ஒன்றில் சேவைக் கட்டணம், பாஸ்போர்ட் வேலை, கமிஷன் எல்லாம் சேர்த்து 2,000 நிற்கும் என்று வைத்தால், மாதம் நான்கு குடும்பமும் 500 ரூபாய் நிற்கும் சாதா டிக்கெட் பத்தும் அந்தச் செலவை மூடிவிடும். உங்கள் சம்பளம் அதற்கு மேல் வருவதில்தான். உதவிக்கு ஆள் வைத்தால் இன்னும் 12,000 கூடும், அதாவது மேலும் ஆறு குடும்பம். ஆகவே மாதம் பத்துக் குடும்பம் தொடர்ந்து வரும்வரை ஆள் வைக்க வேண்டாம். அதுவரை வீட்டில் யாராவது பாஸ்போர்ட் விண்ணப்ப வேலையைப் பார்த்துக்கொள்ளப் பழகட்டும்.

கடை திறப்பதற்கு முன்பே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. தெரிந்த வீடுகளில் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர், பிள்ளை இருக்கும் நாடு, பாஸ்போர்ட் முடியும் மாதம், சர்நேம் கட்டம் நிரம்பியிருக்கிறதா இல்லையா. பாஸ்போர்ட் எண்ணும் நகலும் இப்போது வேண்டாம். நகல் வாங்கும்போது அதை உங்கள் கணினியில் கடவுச்சொல் போட்டு வையுங்கள், வாட்ஸ்அப்பில் கிடக்கவிடாதீர்கள். முதல் மாத வேலை அந்த நோட்டிலிருந்தே வரும், ஏனென்றால் சர்நேம் காலியாக இருக்கும் அம்மாக்கள் பலருக்கு அது ஒரு பிரச்சினை என்பதே இன்னும் தெரியாது.